கேரித் தீவுத் துறைமுகம்: வராத கப்பலைக் கணக்கில் பிடிப்பது எப்படி?

2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கேரித் தீவு திடீரென்று எல்லாருடைய வாயிலும் அடிபட்டது. அங்கே 200 பில்லியன் வெள்ளிச் செலவில் துறைமுகமும் அதைச் சுற்றித் தொழில் நகரமும் எழும் என்று அப்போதைய போக்குவரத்து அமைச்சர் டத்தோஸ்ரீ லியோவ் தியோங் லாய் பேசியிருந்தார். அதே ஆண்டு ஜூலையில் எம்.எம்.சி. துறைமுக நிறுவனம், சைம் டார்பி புரோப்பர்ட்டி, இந்தியாவின் அதானி துறைமுக நிறுவனம் ஆகிய மூன்றும் சாத்திய ஆய்வுக்காகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. தோட்டத்து வீடு என்னவாகும், கோயில் எங்கே போகும், பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று தீவில் பேச்சு ஓடியது. பந்திங், தெலுக் பங்லிமா காராங் பக்கத்தில் நிலம் வாங்கலாமா என்று யோசித்தவர்களும் இருந்தார்கள்.

அந்த 2017-இல் பக்கத்தில் உள்ள கிள்ளான் துறைமுகத்தில் என்ன நடந்தது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2016-இல் அங்கு ஏறி இறங்கியவை, 20 அடிப் பெட்டியை ஓர் அலகாக வைத்து எண்ணினால், ஏறக்குறைய 13.17 மில்லியன் கொள்கலன்கள். 2017-இல் அது 11.98 மில்லியனாகக் குறைந்தது. அதாவது 9 விழுக்காடு சரிவு. உலக வாணிகம் அந்த ஆண்டு படுத்துவிடவில்லை. கப்பல் நிறுவனங்கள்தாம் இடம் மாறின. பிரான்சின் சி.எம்.ஏ. சி.ஜி.எம். நிறுவனம் சிங்கப்பூரின் ஏ.பி.எல். கப்பல் நிறுவனத்தை வாங்கியிருந்தது. 2017 ஏப்ரலில் கப்பல் கூட்டணிகள் புதிதாக அமைந்தபோது, கிள்ளானில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றப்பட்டு வந்த பெட்டிகளில் பெரும் பங்கு சிங்கப்பூருக்குப் போய்விட்டது.

ஒரு துறைமுகத்துக்கு 'விற்பனை' என்பது இந்தப் பெட்டிகளின் எண்ணிக்கைதான். எத்தனை வரும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அப்படித் தெரியாத ஒன்றை வைத்து இருபது ஆண்டுத் திட்டத்துக்குப் பணம் போடலாமா என்று பார்க்கச் சாத்திய ஆய்வுகளில் மூன்று வழிகள் உண்டு: உணர்திறன் பகுப்பாய்வு, சூழ்நிலைப் பகுப்பாய்வு, சிமுலேஷன் எனப்படும் உருவகப்படுத்தல். மூன்றும் ஒரே கணக்கின் மேல்தான் ஓடுகின்றன. ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன. ஒன்றின் பதிலை இன்னொன்றின் பதிலாக எடுத்துக்கொள்ளும்போதுதான் வம்பு வருகிறது.

முதலில் அடிப்படைக் கணக்கு. நான் இங்கே எடுப்பது ஒரு சிறிய கொள்கலன் முனையம். எண்கள் பயிற்சிக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தின் உண்மைக் கணக்கும் அல்ல. கட்ட 1,000 மில்லியன் வெள்ளி. ஆண்டுக்கு 1 மில்லியன் பெட்டிகள் வரும் என்று எதிர்பார்ப்பு. ஒரு பெட்டிக்கு 250 வெள்ளி கட்டணம். அதில் எரிபொருள், கூடுதல் ஆள்கூலி போல, பெட்டி வந்தால் மட்டும் ஆகும் செலவு 90 வெள்ளி. மிஞ்சுவது 160 வெள்ளி. பெட்டி வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் நிரந்தரச் செலவு ஆண்டுக்கு 45 மில்லியன். ஆகவே ஆண்டு வரவு 160-இல் 45 போக 115 மில்லியன். வரியை எளிமைக்காக விட்டுவிடுவோம்.

இருபது ஆண்டில் 2,300 மில்லியன் வருகிறதே, போட்டது இரட்டிப்பாகிறதே என்று குதிக்கக் கூடாது. பத்தாண்டு கழித்து வரும் ஒரு வெள்ளி இன்றைய ஒரு வெள்ளி ஆகாது. கூட்டுப் பிடித்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலில் எடுப்பவருக்கும் கடைசியில் எடுப்பவருக்கும் உள்ள வேறுபாடே இதுதான். ஆண்டுக்கு 8 விழுக்காடு கழித்துப் பார்த்தால், இருபது ஆண்டுக்கு ஆண்டுதோறும் வரும் 1 வெள்ளி இன்றைய மதிப்பில் 9.82 வெள்ளிதான். 115 மில்லியனை அதனால் பெருக்கினால் 1,129 மில்லியன். போட்ட 1,000 மில்லியனைக் கழித்தால் மிஞ்சுவது 129 மில்லியன். இதை நிகர இன்றைய மதிப்பு என்பார்கள். அது சுழிக்கு மேல் இருந்தால் திட்டம் நிற்கும். கீழே போனால் அந்தப் பணத்தை 8 விழுக்காடு தரும் வேறிடத்தில் போட்டிருக்கலாம்.

இனி உணர்திறன் பகுப்பாய்வு. இது ஒரே ஒரு எண்ணை மட்டும் அசைக்கும். மற்றவற்றைத் தொடாது. பெட்டிகள் 10 விழுக்காடு குறைந்தால் 129 மில்லியன் லாபம் 28 மில்லியன் நட்டமாகிறது. கட்டணம் 10 விழுக்காடு குறைந்தால் 116 மில்லியன் நட்டம். கட்டுமானச் செலவு 10 விழுக்காடு ஏறினால் லாபம் 29 மில்லியனாகச் சுருங்கும், ஆனாலும் லாபம்தான். நிரந்தரச் செலவு அதே அளவு ஏறினால் 85 மில்லியன் மிஞ்சும்.

விற்பனையைவிடக் கட்டணம் அதிகமாகக் கடிப்பதைக் கவனியுங்கள். காரணம் எளிது. பெட்டி வராவிட்டால் அதற்கான 90 வெள்ளிச் செலவும் வராது. ஆனால் பெட்டியைக் குறைந்த கட்டணத்துக்கு இறக்கினால் வேலை அத்தனையும் செய்துவிட்டு வரவை மட்டும் விட்டுக்கொடுக்கிறோம். "விலையைக் குறைத்தாவது வாடிக்கையாளரைப் பிடி" என்பவர்கள் இந்த ஒரு வரியைப் பார்த்தாலே போதும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னும் பயன். எவ்வளவு குறைந்தால் லாபம் சுழியாகும்? பெட்டிகள் 8.2 விழுக்காடு குறைந்து அப்படியே நின்றால் போதும். கட்டணமானால் 5.3 விழுக்காடு. கட்டுமானச் செலவு 12.9 விழுக்காடு ஏறலாம். நிரந்தரச் செலவு 29 விழுக்காடு ஏறினாலும் தாங்கும். அப்படியானால் கூட்டத்தில் உட்கார்ந்து அலுவலகச் செலவைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடுவது வீண். நேரத்தைச் செலவிட வேண்டியது கட்டணத்திலும் பெட்டி எண்ணிக்கையிலும்தான்.

ஆனால் 8.2 விழுக்காடு என்பது பெரிய சரிவா, சிறிய சரிவா? உணர்திறன் பகுப்பாய்வு இதற்கு வாய் திறக்காது. வரலாறுதான் சொல்ல வேண்டும். கிள்ளானில் 2017-இல் ஒரே ஆண்டில் 9 விழுக்காடு போயிற்று. மெர்ஸ்க் நிறுவனம் தன் கப்பல்களைச் சிங்கப்பூரிலிருந்து ஜொகூரின் தஞ்சோங் பெலெப்பாசுக்கு மாற்றியபின், உலகப் பொருளாதாரமும் தளர்ந்திருந்த 2001-இல், சிங்கப்பூரும் ஏறத்தாழ அதே 9 விழுக்காட்டை இழந்தது. ஆக மலாக்கா நீரிணையில் அந்த அளவு சரிவு நடக்காத ஒன்றல்ல. இன்னொரு குறையும் உண்டு. எல்லா எண்ணையும் ஒரே மாதிரி 10 விழுக்காடு அசைப்பது நியாயம் போலத் தெரியும். உண்மையில் கிள்ளானின் கட்டணம் அரசு அனுமதியோடுதான் ஏறும். 2025 ஜூலை தொடங்கி மூன்று கட்டமாக 30 விழுக்காடு உயர்வு என்று அறிவிக்கப்பட்டது அப்படித்தான். பெட்டி எண்ணிக்கைக்கு அப்படி ஒரு கடிவாளம் கிடையாது. இரண்டுக்கும் ஒரே 10 விழுக்காடு வைப்பது மாட்டையும் ஆட்டையும் ஒரே கயிற்றில் கட்டுவதுதான்.

அடுத்தது சூழ்நிலைப் பகுப்பாய்வு. இங்கே ஒன்று மட்டும் அசைவதில்லை. ஒரு கதையைச் சொல்லி, அந்தக் கதையில் எவை எவை சேர்ந்து அசையுமோ அவற்றை எல்லாம் ஒன்றாக அசைக்கிறோம். கேரித் தீவுக்கு மோசமான கதை ஒன்றைச் சொல்லிப் பார்ப்போம். எதிரே புலாவ் இண்டாவில் வெஸ்ட்போர்ட்ஸ் தன் கொள்ளளவை 14 மில்லியன் பெட்டிகளிலிருந்து 27 மில்லியனுக்கு உயர்த்தும் விரிவாக்கத்தைத் தொடங்கிவிட்டது. இடம் தாராளமாகக் கிடைத்ததும் ஒரு கப்பல் கூட்டணி புதிய முனையத்துக்கு வராமல் அங்கேயே தங்கிவிடுகிறது. நம் முனையத்தில் 15 விழுக்காடு பெட்டிகள் இல்லை. மீதமுள்ள நிறுவனங்கள் நம் பலவீனத்தைப் பார்த்துக் கட்டணத்தில் 10 வெள்ளி குறைக்கச் சொல்கின்றன. சேற்று நிலத்தில் தூண் இறக்கும் வேலை எதிர்பார்த்ததைவிட இழுத்து, கட்டுமானச் செலவு 5 விழுக்காடு ஏறுகிறது.

மூன்றும் தனித்தனியே பெரியவை அல்ல. சேர்ந்து வந்தால் 240 மில்லியன் நட்டம். நல்ல கதையில் பெட்டிகள் 15 விழுக்காடு கூடுகின்றன, மற்றவை மாறவில்லை என்றால் 365 மில்லியன் லாபம். நடுக்கதை நம் பழைய 129 மில்லியன்.

இங்கே பலர் செய்யும் தவறு, "எல்லாமே 10 விழுக்காடு மோசம்" என்று ஒரு பத்தி போட்டு அதற்குச் 'சூழ்நிலை' என்று பெயர் வைப்பது. அதில் கதை இல்லை. எதனால் எது நடக்கிறது என்ற தொடர்பு இல்லாவிட்டால் அது பெரிய உணர்திறன் கணக்கு, அவ்வளவுதான். நல்ல சூழ்நிலையை அடையாளம் காண ஒரு வழி உண்டு. அதைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவரிடம் வாய்மொழியாகச் சொன்னால், "ஆமா, அப்படி நடக்கலாம்" என்றோ "அப்படி நடக்காதே" என்றோ அவரால் சொல்ல முடிய வேண்டும்.

சில அறிக்கைகள் மோசத்துக்கு 25, நடுவுக்கு 50, நல்லதற்கு 25 விழுக்காடு வாய்ப்பு என்று போட்டுச் சராசரி எடுக்கும். நம் கணக்கில் அது ஏறக்குறைய 96 மில்லியன் லாபம். அந்த 96 எந்தக் கதையிலும் வராத எண். 25, 50, 25 என்பதும் யாரோ மேசையில் உட்கார்ந்து எழுதியது. அதில் தவறில்லை. ஆனால் 96 என்ற எண் அச்சில் வந்ததும் அதற்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. அந்தக் கனம் அதற்கு உரியதல்ல.

மூன்று கதைகள் போதாது, ஆயிரக்கணக்கான கதைகள் வேண்டும் என்பவர்களுக்குத்தான் சிமுலேஷன். கணினி ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு பெட்டி எண்ணிக்கையைக் குலுக்கி எடுக்கும். இருபது ஆண்டுகள் சேர்ந்தால் முனையத்துக்கு ஒரு 'வாழ்க்கை'. அப்படி 5,000 வாழ்க்கைகளை ஓட்டி, எத்தனையில் நட்டம் என்று எண்ணுவோம். பெரிய மென்பொருள் தேவையில்லை. எக்செல் போதும். சராசரி 1 மில்லியன், ஏற்ற இறக்கம் 10 விழுக்காடு என்று வைத்து, B2 முதல் U2 வரை இருபது கட்டங்களில் இதைப் போட வேண்டும்:

```
=NORM.INV(RAND(),1,0.1)
```

அதே வரிசையில் V2 கட்டத்தில் நிகர இன்றைய மதிப்பு:

```
=160*NPV(8%,B2:U2)-45*9.818-1000
```

இந்த வரிசையை 5001-ஆம் வரிசை வரை இழுத்துவிட்டு, நட்டமான வாழ்க்கைகளை எண்ணலாம்:

```
=COUNTIF(V2:V5001,"<0")
```

கிடைப்பது இரண்டோ மூன்றோ. 5,000-இல் இரண்டு! 8.2 விழுக்காடு சரிந்தால் போச்சு என்று சற்றுமுன் கண்ட அதே திட்டம், இப்போது நட்டப்படவே முடியாத திட்டமாகத் தெரிகிறது. இப்படி ஒரு பக்கத்தை வண்ணப்படத்தோடு காட்டினால் கடன் கொடுப்பவர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

எங்கே கோளாறு? ஒவ்வோர் ஆண்டையும் தனித்தனியே குலுக்கினோம். இந்த ஆண்டு பெட்டி குறைந்தால் அடுத்த ஆண்டுக்கு அது தெரியாது. அது புதிதாக எடுக்கப்படும். அதனால் கெட்ட ஆண்டை நல்ல ஆண்டு அடித்துவிடுகிறது. இருபது ஆண்டில் எல்லாம் சமமாகிப்போகிறது. மழை நாளில் குறையும் கடை வியாபாரத்துக்கு இது பொருந்தும், ஏனென்றால் மறுநாள் வெயில் அடித்தால் ஆள் வந்துவிடும். கப்பல் கூட்டணி ஒன்று போய்விட்டால் மறுநாள் வராது.

இப்போது எதிர்ப்பக்கத்தின் எல்லைக்குப் போவோம். முதல் ஆண்டுக்கு மட்டும் ஒரு எண்ணைக் குலுக்கி, அதையே இருபது ஆண்டுக்கும் வைப்போம். C2-இல் `=B2`, அப்படியே U2 வரை. சராசரி அதே 1 மில்லியன். ஏற்ற இறக்கம் அதே 10 விழுக்காடு. வேறு எதுவும் மாறவில்லை. நட்டமான வாழ்க்கைகள் 5,000-இல் சுமார் 1,030. ஐந்தில் ஒன்று.

உண்மை இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கிள்ளான் துறைமுகம் 2017-இல் விழுந்து, 2018-இல் 12.3 மில்லியனுக்கு ஏறி, 2019-இல் 13.6 மில்லியனைத் தொட்டபோதுதான் 2016-இன் அளவைத் தாண்டியது. ஒரே ஆண்டில் மறந்துபோன அடியும் அல்ல, நிரந்தர ஊனமும் அல்ல. ஆகவே ஓராண்டின் விலகலில் 70 விழுக்காடு அடுத்த ஆண்டுக்கும் தொற்றும் என்று வைப்போம். B2 முன்போலவே இருக்கட்டும். C2 முதல் இப்படி மாறும்:

```
=1+0.7*(B2-1)+NORM.INV(RAND(),0,0.0714)
```

0.0714 என்பது, தொற்றும் பகுதியையும் சேர்த்து மொத்த ஏற்ற இறக்கம் 10 விழுக்காட்டிலேயே நிற்கும்படி எடுத்த எண். இப்போது நட்டமான வாழ்க்கைகள் 290 அளவில் வரும். 100-இல் ஆறு. குலுக்கல் என்பதால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் சற்று மாறும். 270 வந்தாலோ 310 வந்தாலோ பதற வேண்டாம்.

இரண்டு, 290, 1,030. மூன்றுமே 'பத்து விழுக்காடு நிச்சயமின்மை கொண்ட சிமுலேஷன்' என்று ஒரே பெயரில் அறிக்கையில் எழுதப்படலாம். எழுதியவர் பொய் சொன்னதாகவும் ஆகாது. கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை ஆயிரம் முறை ஓட்டினீர்கள் என்பதல்ல. அதை ஒரு லட்சம் முறை ஓட்டினாலும் தவறான மாதிரியின் பதில் திருந்தாது, தசமப் புள்ளிதான் கூடும். கேட்க வேண்டியது: உங்கள் கணக்கில் ஒரு கெட்ட ஆண்டு அடுத்த ஆண்டில் தடம் விடுகிறதா?

கணக்குப் புரியாதவரும் இதைக் கண்ணால் சோதிக்கலாம். அந்த 5,000 வாழ்க்கைகளில் ஏதாவது பத்தை எடுத்துக் கோடாக வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் கிள்ளான் துறைமுகத்தின் உண்மையான பத்தாண்டுக் கோட்டை வையுங்கள். கணினியின் கோடு ரம்பப் பல்லைப் போல ஒவ்வோர் ஆண்டும் மேலும் கீழும் துள்ளினால், அது துறைமுகம் அல்ல. உண்மைக் கோடு விழுந்தால் சிறிது காலம் கீழேயே கிடக்கும், ஏறினாலும் சில ஆண்டு ஏறும்.

இன்னொன்றும் மேலே போட்ட சூத்திரத்தில் இல்லை. பெட்டி குறையும்போது கட்டணமும் குறையும் என்று சூழ்நிலைக் கதையில் சொன்னோம். சிமுலேஷனில் கட்டணத்தை 250 வெள்ளியிலேயே ஆணி அடித்து வைத்திருக்கிறேன். அதை அவிழ்த்து, பெட்டிகளோடு சேர்ந்து இறங்கும்படி செய்தால் 290 என்ற எண் ஏறத்தான் செய்யும். சூழ்நிலைக் கதையை முதலில் எழுதாமல் நேரே சிமுலேஷனுக்குப் போகிறவர்கள் இந்தத் தொடர்பைத் தவறவிடுவார்கள். நல்ல பக்கத்திலும் ஒரு கூரை உண்டு. படகுத்துறை 1.1 மில்லியன் பெட்டிகளுக்கு மேல் தாங்காது என்றால், 1.2 மில்லியன் வந்தாலும் மிச்சம் எதிர்க்கரைக்குத்தான் போகும். மேலே வெட்டுப்பட்டு கீழே வெட்டுப்படாத விற்பனையில், சராசரியே நாம் நினைத்த 1 மில்லியனுக்குக் கீழே இறங்கிவிடும்.

அதனால் மூன்றையும் ஒன்றன் பின் ஒன்றாகச் செய்வதுதான் சரியென்று எனக்குத் தோன்றுகிறது. உணர்திறன் எந்த எண் உயிர்நாடி என்று காட்டும். சூழ்நிலை அந்த எண்ணை எது, யார், எப்படி அசைப்பார் என்று கேட்க வைக்கும். அந்தத் தொடர்புகளை எடுத்துக்கொண்ட பிறகே சிமுலேஷன் எத்தனை முறை என்று எண்ணலாம். முதலிரண்டும் இல்லாத சிமுலேஷனை நான் நம்பமாட்டேன். முதலிரண்டு மட்டும் கையில் இருந்தால், சிறிய முதலீட்டுக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

கேரித் தீவில் அறிவிப்பு வந்து பல ஆண்டுகள் ஆகியும் கப்பல்துறை எழவில்லை. பேச்சு மட்டும் அவ்வப்போது திரும்ப வருகிறது. துறைமுகத்தை நம்பி அந்தப் பக்கம் கடைவீடோ, வாடகை அறைகளோ போட நினைப்பவருக்கு நிலை இன்னும் இறுக்கமானது. முனையத்துக்குப் பெட்டி 15 விழுக்காடு குறையும். அவருக்கோ, துறைமுகம் வராவிட்டால், எதிர்பார்த்த ஆள் ஒருவர்கூட வரமாட்டார். அங்கே 10 விழுக்காடு மேலும் கீழும் என்று ஓட்டும் சிமுலேஷன் எதுவும் பயன்படாது. இரண்டே கதைகள்தாம்: கப்பல் வந்த கதை, வராத கதை. வராத கதையில், தோட்டத்து மக்களும் பக்கத்துக் கம்பத்து மக்களும் மட்டும் வந்தால், மாதத் தவணையைக் கட்ட முடியுமா என்பதை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். வந்த கதையின் லாபத்தை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.